விடுதி மெஸ் கட்டணம்: ஒரு நாள் செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது, எங்கே தவறுகிறது?

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் கல்லூரி விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. சென்ற மாத மெஸ் கட்டணம் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று அதில் ஒற்றை எண் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணை மாணவர்கள் தாம் உண்ட நாள்களால் பெருக்கிப் பணம் கட்டுகிறார்கள். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்டாலும், "மொத்தச் செலவை ஆள்கணக்கில் வகுத்திருக்கிறோம்" என்பதுதான் வழக்கமான பதில். எந்தச் செலவு, எத்தனை ஆள், எத்தனை நாள், விருந்தினர் தந்த பணம் எங்கே போயிற்று என்ற கேள்விகள் அந்தப் பதிலுக்குள் மறைந்துவிடுகின்றன.

பட்டியலினக் குடும்பத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு இந்த எண் சிறிய விஷயமன்று. ஒன்றிய, மாநில அரசுகள் இணைந்து வழங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில், 2021ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட விதிகளின்படி, பொறியியல், மருத்துவம் போன்ற முதல் பிரிவுப் படிப்புகளில் விடுதியில் தங்குவோருக்கான படிப்புக்கால உதவி ஆண்டுக்கு ரூ.13,500. பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டப் படிப்புகளுக்கு அது ரூ.6,000. ஆண்டில் பத்து மாதம் விடுதி நடக்கிறது என்று கொண்டால், முதலாமவருக்கு மாதம் ரூ.1,350, இரண்டாமவருக்கு மாதம் ரூ.600. மெஸ் கட்டணம் ஒரு நாளுக்கு மூன்று ரூபாய் கூடினால் மாதம் தொண்ணூறு ரூபாய் கூடுகிறது. பி.ஏ. படிக்கும் மாணவரின் மாத உதவியில் அது ஏழில் ஒரு பங்குக்கும் மேல். எனவே அந்த மூன்று ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பகிர்வு முறையின் அடிப்படை

'டிவைடிங் சிஸ்டம்' என்று விடுதிகளில் வழங்கும் பகிர்வு முறையில் கட்டணம் முன்கூட்டியே முடிவு செய்யப்படுவதில்லை. மாதம் முடிந்தபின், ஆன செலவை உண்டவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். இதில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்பதே கொள்கை. ஆகவே மாணவர்களிடமிருந்து வரும் தொகையும் விருந்தினரிடமிருந்து வரும் தொகையும் சேர்ந்து, அந்த மாதச் செலவுக்குச் சமமாக இருக்க வேண்டும். கூடினாலும் தவறு, குறைந்தாலும் தவறு. கீழே வரும் எல்லாச் சோதனைகளுக்கும் இந்த ஒரு விதிதான் அளவுகோல்.

வகுக்கப்படும் தொகை மாதத்தில் வாங்கிய பொருள்களின் பில் தொகை அன்று. அந்த மாதம் சமைத்துத் தீர்ந்த பொருள்களின் மதிப்பு. மாதத் தொடக்கத்தில் கையிருப்பில் இருந்த அரிசி, பருப்பு, எண்ணெயின் மதிப்போடு மாதத்தில் வாங்கியதைக் கூட்டி, மாதக் கடைசியில் எஞ்சிய இருப்பைக் கழிக்க வேண்டும். காய்கறி, பால், முட்டை, இறைச்சி போன்றவை பெரும்பாலும் அன்றன்றைக்குத் தீர்ந்துவிடுவதால் அவற்றின் பில் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதன்மேல் எரிவாயு, சமையலர் கூலி, துப்புரவு, சில்லறைப் பழுதுபார்ப்பு ஆகியவை சேரும்.

வகுக்கும் எண் மாணவர்களின் எண்ணிக்கை அன்று. அது 'மாணவர் நாள்கள்' என்னும் கூட்டுத்தொகை. ஒரு மாணவர் ஒரு நாள் கணக்கில் இருந்தால் ஒரு மாணவர் நாள். முப்பது நாளும் இருந்தவர் முப்பது; பன்னிரண்டு நாள் விடுப்புக் கழிவு பெற்றவர் பதினெட்டு. இப்படி எல்லோருடைய நாள்களையும் கூட்டிய தொகையே வகுக்கும் எண்.

ஒரு மாதக் கணக்கு

விளக்கத்துக்காக 120 மாணவர் தங்கியுள்ள ஒரு விடுதியின் செப்டம்பர் மாதத்தை எடுத்துக்கொள்வோம். நாள்கள் 30. இங்குள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காக அமைக்கப்பட்டவை. வழிமுறை எந்த விடுதிக்கும் பொருந்தும்.

மாதத் தொடக்கத்தில் மளிகை இருப்பு ரூ.62,000. மாதத்தில் வாங்கிய மளிகை ரூ.1,38,000. மாதக் கடைசி இருப்பு ரூ.54,000. ஆகவே தீர்ந்த மளிகையின் மதிப்பு ரூ.1,46,000. காய்கறிக்கு ரூ.58,000, பாலுக்கு ரூ.46,000, முட்டைக்கும் இறைச்சிக்கும் ரூ.41,000, எரிவாயுவுக்கு ரூ.39,000. இதுவரை ரூ.3,30,000. சமையலர், உதவியாளர் கூலி ரூ.66,000, துப்புரவும் பழுதுபார்ப்பும் ரூ.6,000. இரண்டும் சேர்ந்து ரூ.72,000. மாத மொத்தச் செலவு ரூ.4,02,000.

120 மாணவர், 30 நாள் என்றால் அதிகபட்சம் 3,600 மாணவர் நாள்கள். அந்த மாதம் மாணவர்கள் ஊருக்குப் போன நாள்களின் கூட்டுத்தொகை 480. ஆனால் தொடர்ச்சியாக ஐந்து நாளுக்குக் குறையாமல், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால்தான் கழிவு உண்டு என்பது இந்த விடுதியின் விதி. அந்த விதிக்குள் வந்தவை 300 நாள்கள் மட்டுமே. மற்ற 180 நாள்கள் சனி, ஞாயிறுகளிலும் ஒன்றிரண்டு நாள் விடுப்புகளிலும் சிதறியவை. அவற்றுக்குக் கழிவு இல்லை. ஆகவே கணக்கில் நிற்கும் மாணவர் நாள்கள் 3,300.

விருந்தினர் உணவுக்குக் கூப்பன் வழங்கப்படுகிறது. காலை உணவு 40, மதிய உணவு 110, இரவு உணவு 60. விலை முறையே ரூ.30, ரூ.60, ரூ.50. மொத்த வரவு ரூ.10,800.

இப்போது கணக்கு எளிது. ரூ.4,02,000 செலவிலிருந்து விருந்தினர் தந்த ரூ.10,800ஐக் கழித்தால் ரூ.3,91,200. இது மாணவர்கள் சுமக்க வேண்டிய தொகை. இதை 3,300ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ரூ.118.55. முழு மாதம் இருந்தவருக்கு ரூ.3,556. பன்னிரண்டு நாள் கழிவு பெற்றவருக்கு, பதினெட்டு நாளுக்கு ரூ.2,134.

சரியா என்று பார்க்கும் வழி முன்பே சொன்னதுதான். வகுத்து வந்த கட்டணத்தை 3,300ஆல் பெருக்கினால் ரூ.3,91,200. விருந்தினர் வரவைக் கூட்டினால் ரூ.4,02,000. செலவும் வரவும் சமம், கணக்கு மூடுகிறது.

விருந்தினர் உணவில் நிகழும் மூன்று தவறுகள்

முதல் தவறு, விருந்தினர் வரவைக் கழிக்காமலே விடுவது. ரூ.4,02,000ஐ நேராக 3,300ஆல் வகுத்தால் ரூ.121.82 வருகிறது. சரியான கட்டணத்தைவிட ஒரு நாளுக்கு ரூ.3.27 கூடுதல், முழு மாத மாணவருக்கு ரூ.98 கூடுதல். மாணவர்களிடமிருந்தே முழுச் செலவும் வசூலாகிவிடுகிறது. கூப்பன் பணம் ரூ.10,800 மெஸ் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அது கல்லூரியின் பொதுக் கணக்கில் இருக்கலாம், ஒருவரின் மேசை அறையிலும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் அந்தச் சோற்றுக்கான அரிசியை வாங்கியவர்கள் மாணவர்கள். கூப்பன் வருமானத்தை 'விடுதி வருமானம்' என்று தனித் தலைப்பில் எழுதும் இடங்களில் இந்தத் தவறு பெரும்பாலும் கெட்ட எண்ணமின்றியே நிகழ்கிறது. விளைவு ஒன்றுதான்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது: விருந்தினரை இரண்டு முறை கழிப்பது. விருந்தினரும் உண்டவர்கள்தானே, அவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்க்க வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். ஒரு நாள் உணவில் காலைக்கு நூற்றுக்கு 25, மதியத்துக்கு 40, இரவுக்கு 35 என்று பங்கிட்டால், மேற்கண்ட விருந்தினர் உணவுகள் 10, 44, 21 என மொத்தம் 75 முழு நாள்களுக்குச் சமம். செலவிலிருந்து ரூ.10,800ஐக் கழித்துவிட்டு, பிறகு 3,300 உடன் இந்த 75ஐயும் சேர்த்து 3,375ஆல் வகுத்தால் ரூ.115.91 வருகிறது. பலகையில் பார்க்க இந்த எண் இனிமையாக இருக்கும். ஆனால் மாணவர்களிடமிருந்து வசூலாவது 3,300 நாளுக்குத்தான், அது ரூ.3,82,507. தேவை ரூ.3,91,200. ஏறத்தாழ ரூ.8,693 பற்றாக்குறை. அடுத்த மாதத் தாளில் 'முந்தைய மாதப் பற்றாக்குறை' என்ற ஒரு வரி முளைக்கும். சென்ற மாதம் இருந்தவர்கள் உண்டதற்கு இந்த மாதம் புதிதாகச் சேர்ந்தவரும் பணம் கட்டுவார். விருந்தினர் வரவைச் செலவிலிருந்து கழித்தால், அவர்களை நாள் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

அப்படியானால் விருந்தினரை நாள்களாக மாற்றிய கணக்கு எதற்குப் பயன்படும்? கூப்பன் விலை நியாயமானதா என்று அறியப் பயன்படும். மொத்தச் செலவு ரூ.4,02,000ஐ 3,375ஆல் வகுத்தால், ஒரு முழு நாள் உணவின் சராசரி அடக்கம் ரூ.119.11. மதிய உணவின் பங்கு அதில் நூற்றுக்கு 40, அதாவது ரூ.48 அளவு. கூப்பன் விலை ரூ.60 என்பதால் விருந்தினர் அடக்கத்துக்கு மேல் தருகிறார்கள். 75 நாளுக்கான அடக்கம் ரூ.8,933, வரவு ரூ.10,800. மாணவர்களுக்கு ரூ.1,867 மிச்சம். விருந்தினர் விலை பல ஆண்டுகளாக மாற்றப்படாத விடுதிகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும். அங்கே மாணவர்கள்தாம் விருந்தினருக்குச் சோறு போடுகிறார்கள்.

மூன்றாவது தவறு கூப்பனே இல்லாத விருந்தினர். ஆய்வுக்கு வந்த அலுவலர், காப்பாளரைப் பார்க்க வந்தவர், கல்லூரி விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் ஆகியோருக்கு மெஸ்ஸிலிருந்து சாப்பாடு போகும். பதிவேட்டில் எதுவும் ஏறாது. மேற்கண்ட 110 மதிய உணவில் 50 கூப்பனின்றிப் போயின என்று கொள்வோம். வரவு ரூ.3,000 குறைந்து ரூ.7,800 ஆகும். மாணவர் கட்டணம் ரூ.119.45 ஆக உயரும். ஒவ்வொருவர் மீதும் மாதம் ரூ.27 கூடும். தொகை சிறிது. ஆனால் விருந்தளித்தவர் கல்லூரி. செலவை ஏற்றவர் உதவித்தொகைக்குக் காத்திருக்கும் மாணவர். நிறுவனத்தின் விருந்தினர் உணவுக்கு நிறுவனம்தான் கூப்பன் வாங்கி மெஸ்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும்.

வெளியே சென்ற நாள்கள்: யாருடைய பணம் யாருக்குப் போகிறது?

விடுப்புக் கழிவை விடுதி தரும் சலுகையாகவே மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். பகிர்வு முறையில் அப்படி ஒன்று இல்லை. மொத்தச் செலவு மாறாததால், ஒருவருக்குக் கழித்தது மற்றவர்கள்மேல் ஏறுகிறது. கழிவு விதி என்பது மாணவர்களுக்கிடையே சுமையைப் பங்கிடும் விதி. ஆகவே அந்த விதி யாரைப் பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் செப்டம்பரில் 22 நாள்தான் மெஸ்ஸில் உண்டார்கள். முதலாமவர் எட்டு நாள் தொடர்ந்து விடுப்பில் போனார். அவருக்குக் கழிவு கிடைத்தது. 22 நாளுக்கு ரூ.2,608 கட்டினார். இரண்டாமவர் நான்கு வார இறுதிகளிலும் ஊருக்குப் போய்ச் சனி, ஞாயிறு வேலை செய்துவிட்டுத் திரும்பினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள்தான் என்பதால் அவருக்குக் கழிவு இல்லை. 30 நாளுக்கு ரூ.3,556 கட்டினார். உண்ட சோறு ஒன்றே. பில்லில் வேறுபாடு ரூ.948. வார இறுதியில் கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ போகும் மாணவர்கள் எந்தக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து நாள் விதிக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இட்லிக்கு மாவு முந்தைய நாளே அரைக்கப்படுகிறது. பாலுக்கும் காய்க்கும் அளவு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. ஒருவர் சொல்லாமல் போனால் அவருக்கான பொருள் வீணாகும். அந்த வீண் செலவை மற்றவர் ஏன் ஏற்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் இந்த நியாயம் முன்னறிவிப்பைத்தான் கோருகிறது. விடுப்பின் நீளத்தைக் கோரவில்லை. இரண்டு நாளுக்குமுன் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் போகும் மாணவருக்கும், எட்டு நாள் போகும் மாணவருக்கும், ஒரு நாளுக்குச் சேமிக்கப்படும் அரிசியும் பாலும் ஒன்றே. சனி, ஞாயிறுகளில் நாற்பது பேர் இருக்க மாட்டார்கள் என்று வெள்ளிக்கிழமைக்கு முன்பே தெரிந்தால் சமையலர் உலையில் போடும் அரிசியைக் குறைத்துக்கொள்வார். எனவே ஐந்து நாள் தொடர்ச்சி என்ற விதியை, இரண்டு நாள் முன்னறிவிப்பு என்ற விதியாக மாற்றக் கோருவதில் கணக்கியல் நியாயம் இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒரு வலுவான வாதமும் உண்டு. மாணவர் இல்லாத நாளில் அரிசி மிச்சமாகலாம்; சமையலர் கூலி மிச்சமாவதில்லை. நாள் கட்டணம் முழுவதையும் கழித்தால், விடுப்பில் போனவர் கூலியிலும் தம் பங்கைக் கட்டாமல் விடுகிறார். அது இங்கேயே இருப்பவர்மேல் விழுகிறது. ஊர் தொலைவில் இருப்பதாலோ பேருந்துச் செலவுக்குப் பணமில்லாததாலோ ஊருக்கே போகாத மாணவரும் ஏழையே. அவரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதற்கு வழி செலவை இரண்டாகப் பிரிப்பது. கூலி, துப்புரவு, பழுது ஆகிய ரூ.72,000ஐ 120 மாணவருக்கும் சமமாக, ஆளுக்கு ரூ.600 என்று வகுக்க வேண்டும். உணவுப் பொருளும் எரிவாயுவும் சேர்ந்த ரூ.3,30,000இல் விருந்தினர் வரவைக் கழித்த ரூ.3,19,200ஐ மட்டும் நாள்கணக்கில் வகுக்க வேண்டும். குறுகிய விடுப்புகளுக்கும் கழிவு தந்தால் மாணவர் நாள்கள் 3,120 ஆகும். உணவுக் கட்டணம் ஒரு நாளுக்கு ரூ.102.31. 22 நாள் உண்டவர் இருவருமே, அவர் தொடர்ந்து போனவராயினும் வார இறுதியில் போனவராயினும், ரூ.2,851 கட்டுவார்கள். முழு மாதமும் இருந்தவர் ரூ.3,669 கட்டுவார். பழைய முறையைவிட அவருக்கு ரூ.113 கூடுதல், வார இறுதியில் போனவருக்கு ரூ.705 குறைவு.

அந்த ரூ.113 முழுவதும் நிலைத்து நிற்க வேண்டியதில்லை. மேற்கண்ட கணக்கில் பொருள்செலவு மாறாமல் இருப்பதாகவே கொண்டோம். இதுவரை கழிவு இல்லாததால் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை; எழுதிக் கொடுக்காததால் அந்த 180 நாளுக்கும் சமையல் நடந்து, சோறு மிஞ்சியது. கழிவு உண்டு என்றானால் மாணவர்கள் எழுதிக் கொடுப்பார்கள், சமையல் குறையும், வகுக்கப்படும் தொகையே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது அளந்து சமைப்பதைப் பொறுத்தது. விதி மாறிய பின்னும் அரிசி அளவு மாறவில்லை என்றால், எழுதிக் கொடுத்த தாள்கள் சமையலறைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

நிறுத்தப்பட்ட சாப்பாடு

விடுப்பைப் பற்றிய கணக்கில் பெரும்பாலும் பேசப்படாத ஒரு வகை நாள் உண்டு. உதவித்தொகை வரத் தாமதமாகி, மெஸ் பாக்கி ஏறி, சாப்பாடு நிறுத்தப்பட்ட நாள். மாணவர் விடுதி அறையில்தான் இருப்பார். வெளியே போனதாக எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். ஆகவே வருகைப் பதிவேட்டில் அவர் இருந்தவராகவே நிற்பார். மெஸ்ஸில் அவருக்குத் தட்டு இல்லை; பில்லில் அவருக்கு நாள் உண்டு.

ஒருவருக்கு ஒன்பது நாள் இப்படி நிறுத்தப்பட்டது என்று கொள்வோம். பழைய ஒற்றைக் கட்டண முறையிலேயே அவர் பில் ரூ.3,556. அந்த ஒன்பது நாளை நீக்கினால் வகுக்கும் எண் 3,291 ஆகும். நாள் கட்டணம் ரூ.118.87 ஆகும். அவர் 21 நாளுக்கு ரூ.2,496 கட்டினால் போதும். ஏறத்தாழ ரூ.1,060 அவருக்கு மிச்சம். மற்ற முழு மாத மாணவர்மேல் இதனால் ஏறுவது பத்து ரூபாய்க்கும் குறைவு. ஆனால் நீக்காவிட்டால், உண்ணாத சோற்றின் விலை அவருடைய பாக்கியில் சேர்கிறது; பாக்கி கூடியதால் அடுத்த மாதமும் சாப்பாடு நிறுத்தப்படுகிறது. அரசு தரவேண்டிய பணம் தாமதமானதற்கு மாணவர் பட்டினியையும் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார். உதவித்தொகைத் தாமதத்தால் சாப்பாட்டை நிறுத்துவதே கூடாது என்பது முதல் கோரிக்கை. நிறுத்தியிருந்தால் அந்த நாள்களை, விண்ணப்பம் எதுவும் கேட்காமல், கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்பது குறைந்தபட்சக் கோரிக்கை.

சரிபார்க்கும் வழி

ஒரு மாதக் கணக்கைச் சோதிக்க ஐந்து எண்கள் போதும்: மொத்தச் செலவு, தொடக்க இருப்பு, கடைசி இருப்பு, விருந்தினர் வரவு, மாணவர் நாள்கள். அறிவித்த கட்டணத்தை மாணவர் நாள்களால் பெருக்கி விருந்தினர் வரவைக் கூட்டுங்கள். மொத்தச் செலவைவிடத் தொகை மிகுந்தால் எங்கோ கூடுதலாக வசூலிக்கப்படுகிறது. ரூ.118.55ஐ 'முழு எண்ணாக இருக்கட்டும்' என்று ரூ.120 ஆக்கினால்கூட, 3,300 நாளுக்கு ரூ.4,800 மிகும். அது அடுத்த மாதச் செலவில் கழிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து, இந்த மாதத் தொடக்க இருப்பு சென்ற மாதக் கடைசி இருப்புக்குச் சமமா என்று பாருங்கள். கடைசி இருப்பைக் குறைத்து எழுதினால் செலவு மிகுந்து தோன்றும். கணக்கில் வராத மூட்டைகள் வெளியே போகவும் வழி பிறக்கும். கடைசி நாள் மாலை மெஸ் செயலாளரும் இரண்டு மாணவப் பிரதிநிதிகளும் கிடங்கில் நின்று எடைபோட்டுக் கையெழுத்திடுவதே இதற்குத் தடை. கூப்பன் அடிக்கட்டைகளை எண்ணி, வரவோடு ஒப்பிடுவது மூன்றாவது சோதனை. இவை எவற்றுக்கும் கணக்காளர் தேவையில்லை.

காட்ட மறுத்தால், அரசுக் கல்லூரியானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் குறிப்பிட்ட மாதத்தின் மெஸ் கணக்கு, இருப்புப் பதிவேடு, வருகைப் பதிவேடு, கூப்பன் கணக்கு ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். நேரில் பார்வையிடவும் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். 'மெஸ் கட்டணம் ஏன் அதிகம்?' என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்கும் கேள்வி அச்சட்டத்தில் தகவலாகக் கருதப்படுவதில்லை. மாதத்தையும் பதிவேட்டின் பெயரையும் குறிப்பிட்டு ஆவணத்தைக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்ட ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இந்தப் பகிர்வு முறை இல்லை. அங்கே உணவுச் செலவை அரசே ஏற்கிறது. கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாதம் ரூ.1,100 ஆக இருந்தது 2023இல் ரூ.1,500 ஆக உயர்த்தப்பட்டது. நாளுக்கு ஐம்பது ரூபாய். அங்கே கேள்வி தலைகீழாகிறது. ஊருக்குப் போன மாணவரை வந்தவராக எழுதினால், அவர் பெயரில் நாளுக்கு ஐம்பது ரூபாய் எழும். ஆனால் சமையலறைக்கு அது வராமல் போகும். இங்கே வராத நாளுக்கு மாணவரிடம் வாங்குகிறார்கள். அங்கே வராத நாளுக்கு மாணவர் பெயரில் அரசிடம் வாங்கலாம். இரண்டிலும் ஆதாரம் ஒரே ஏடுதான்: யார் எந்த நாள் எந்த வேளை உண்டார் என்னும் பதிவேடு. மாணவர்கள் அந்த ஏட்டில் தாமே கையெழுத்திடுகிறார்களா, அல்லது மாதக் கடைசியில் வேறொருவர் ஒரே மையில் நிரப்புகிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.